தேயிலை இலையின் நாகமும் சாம்பலாக்கும் முறைகளும்

பதுளையிலிருந்து பசறைக்கும் நமுனுகலைக்கும் ஏறிச் செல்லும் பாதைகளின் இருமருங்கும் பரந்துள்ள தேயிலை மலைகளில், செடி நோயுற்றது போலத் தோன்றும் ஒரு மாற்றம் சிற்சில வேளைகளிற் காணப்படும். இளந்தளிர்கள் சிறுத்து, ஒரு பக்கம் வளர மறுபக்கம் வளராமையால் அரிவாள் போல வளைந்து நிற்கும். கணுவிடைகள் குறுகுவதால் இலைகள் ஓரிடத்தில் நெருங்கி அடுக்கியன போலிருக்கும். நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி வெளிறும். துத்தநாகம் எனப்படும் நாகம் குறைந்த தேயிலையின் அடையாளம் இதுவாகும். நாகசல்பேற்றுக் கரைசலை இலைமீது தெளித்தல் இதற்குரிய பரிகாரமென்பதும், அது இலங்கைத் தோட்டங்களில் நெடுங்காலமாக வழக்கிலுள்ளதென்பதும் தோட்டப்பகுதியில் வாழ்வோர் அறிந்தவை.

ஆனால், அடையாளம் கண்ணுக்குத் தெரியுமுன்னரே கொழுந்தின் வரவு குறையத் தொடங்கிவிடும். மேலும் வெளிறிய இலை யாவும் நாகக்குறைவால் வெளிறியவையும் அல்ல. ஆதலின் தோட்டத்துரை இலையைப் பறித்து உலர்த்தி ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறார். சில வாரங்களில் ஓர் எண் திரும்பி வருகிறது. பத்திலட்சத்தில் 24 பங்கு என்று வந்தால் ஒரு முடிவு, 18 பங்கு என்று வந்தால் வேறொரு முடிவு. தெளிப்பு மருந்தின் விலையும், அதைத் தெளிக்கும் ஆட்களின் கூலியும், அடுத்த கவ்வாத்துவரை கிடைக்கப்போகும் கொழுந்தின் அளவும் அவ்வெண்ணைச் சார்ந்துள்ளன. அவ்விரண்டு எண்களும் ஒரே இலையிலிருந்தே கிடைக்கக்கூடும் என்பதையும், அது எவ்வாறு நிகழ்கிறது என்பதையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இலையில் உள்ள நாகம் தனித்து நிற்பதன்று. புரதங்களுடனும் அமிலங்களுடனும் பிணைந்து, செலுலோசு முதலிய காபன் சேர்வைகளுக்குள் அது மறைந்து கிடக்கிறது. அச்சேர்வைகளை முற்றாக அழித்து, கனிப்பொருளை மாத்திரம் தெளிந்த கரைசலாகப் பெற்ற பின்னரே அளவறி கருவிக்கு வேலை உண்டு. 1955ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவில் அலன் உவோல்சு என்பவர் அணு உறிஞ்சல் முறையை ஆய்வாளருக்கு உரியதாக்கிய பின்னர், கரைசலில் உள்ள நாகத்தை அளத்தல் சில விநாடிகளில் முடியும் செயலாயிற்று. ஆனால் அக்கருவி தனக்குக் கொடுக்கப்பட்ட கரைசலையே அளக்கும். கரைசலுக்கு வந்து சேராத நாகத்தைப்பற்றி அதற்கு ஒன்றுந் தெரியாது. எனவே பிழை பெரும்பாலும் கருவிக்கு முந்திய படியிலேயே புகுகிறது.

காபன் சேர்வைகளை அழிப்பதற்கு இரண்டு வழிகள் உள. இலைத்தூளைப் புடக்குகையில் இட்டுக் காற்றோட்டமுள்ள உலையில் எரித்துச் சாம்பலாக்குதல் ஒன்று. இது உலர் முறை. செறிந்த அமிலங்களில் இட்டுக் கொதிக்கவைத்துக் கரைத்தல் மற்றையது. இது ஈர முறை. முன்னதில் ஒட்சிசன் காற்றிலிருந்து வருகிறது. பின்னதில் அமிலத்திலிருந்து வருகிறது. எரித்தல் என்ற ஒரே செயலின் இருவகையே இவை எனலாம். ஆயினும் வெப்பநிலை வேறு, பாத்திரம் வேறு, சேர்க்கப்படும் பொருள் வேறு. ஆதலின் இழக்கப்படும் பொருளும் வேறாகிறது.

உலர் முறையை முதலில் நோக்குவோம். தேயிலைத் தூள் ஒரு கிராமைச் சிலிக்காப் புடக்குகையில் இட்டு, முதலிற் சிறு வெப்பத்தில் மெல்லக் கரியாக்குதல் வேண்டும். சுவாலை பற்றவிடலாகாது, சுவாலையுடன் எரியுமானால் நுண்துகள்கள் புகையோடு வெளியேறும். புகை அடங்கிய பின் புடக்குகையை உலையினுள் வைத்து, வெப்பநிலையைச் சிறிது சிறிதாக 450 அல்லது 500 பாகை சதமவளவைக்கு உயர்த்தி, நான்கைந்து மணித்தியாலமோ ஓரிரவு முழுவதுமோ விட்டுவிடுவர். நன்கு எரிந்த சாம்பலிற் கரித்துகள் இராது. கரி எஞ்சியிருப்பின், ஆறிய பின் சில துளி நைத்திரிக்கமிலத்தால் நனைத்து உலர்த்தி மீண்டும் சூடாக்குவர். உலர்ந்த இலையின் நிறையில் நூற்றுக்கு ஐந்து அல்லது ஆறு பங்கே சாம்பலாக எஞ்சும்.

தேயிலைச் சாம்பலைப் பார்த்தவர்கள் ஒரு புதுமையைக் கண்டிருப்பர். அது பல வேளைகளில் வெண்மையாக இராது பச்சை சாயலுடன் இருக்கும். எரியாத இலைப்பச்சை என எண்ணிவிடலாகாது. அவ்வெப்பத்தில் இலைப்பச்சை தங்காது. தேயிலை மண்ணிலிருந்து மங்கனீசை மிகுதியாகச் சேர்த்துக்கொள்ளும் செடியாகும். சாம்பலிலுள்ள பொற்றாசியம் காபனேற்றின் முன்னிலையில் மங்கனீசு காற்றின் ஒட்சிசனை ஏற்றுப் பச்சை நிறமுள்ள மங்கனேற்றாக மாறுகிறது. இந்நிறம் ஆய்வாளருக்கு ஒரு செய்தியையும் தருகிறது. அமிலத்தைச் சேர்க்கும்போது மங்கனேற்று சிதைந்து, கபில நிறமான மங்கனீசீரொட்சைட்டு வீழ்படிவாகலாம். குளிர்ந்த ஐதான அமிலம் அதனைக் கரைக்காது. வடித்தாளில் கபிலக்கறை காணப்படுமாயின், மங்கனீசின் ஒரு பங்கும் அதனோடு ஒட்டிய பிற உலோகங்களும் தாளில் தங்கிவிட்டன என்று கொள்ளலாம். ஐதரோகுளோரிக்கமிலத்துடன் சூடாக்கினால், அல்லது சில துளி ஐதரசன் பரவொட்சைட்டைச் சேர்த்தால் அக்கறை மறையும்.

இனி நாகத்தின் இழப்புக்கு வருவோம். அது உலர் முறையில் இரண்டு வாயில்களாற் போகிறது. முதலாவது ஆவியாதல். நாகவொட்சைட்டு 500 பாகையில் அசையாது. ஆனால் இலையில் குளோரைட்டு உண்டு. பொற்றாசியம் குளோரைட்டை உரமாகப் பெற்ற செடியில் அது இன்னும் மிகும். நாகம் குளோரைட்டாக மாறுமாயின், அது 300 பாகையை அணுகும்போதே உருகி, 732 பாகையிற் கொதிப்பது. அதற்கு நெடுமுன்னரே சிறிது சிறிதாக ஆவியாகிச் செல்லும். ஆதலாலேயே உலையின் வெப்பநிலையை 500 பாகைக்கு மேற்செல்ல விடாது காத்தல் வேண்டுமெனக் கூறுவர். பொற்றாசியத்துக்கும் இவ்வெல்லை பொருந்தும். பொற்றாசியம் குளோரைட்டு 600 பாகையை அணுகும்போது புலனாகுமளவு ஆவியாகத் தொடங்குவதால், உலையை 700 பாகைக்கு விட்டுவிட்டு வெண்சாம்பலைக் கண்டு மகிழ்பவர் பொற்றாசியத்தின் ஒரு பங்கைக் காற்றுக்குக் கொடுத்தவராவர். உலைக்கதவிலுள்ள வெப்பமானி காட்டும் எண்ணும் புடக்குகை நிற்கும் இடத்தின் வெப்பநிலையும் ஒன்றாயிருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. உலையின் பின்சுவரருகே வைத்த புடக்குகை முன்னே வைத்ததினும் மிகச் சூடேறுவது வழக்கம்.

இரண்டாவது வாயில் ஆவியாதலினும் வஞ்சகமானது. ஏனெனில் பொருள் எங்கும் போகவில்லை, புடக்குகையிலேயே இருக்கிறது, ஆயினும் கரைசலுக்கு வர மறுக்கிறது. இலையிலுள்ள சிலிக்காவும், இலைமேற் படிந்த புழுதியின் சிலிக்காவும், புடக்குகையின் சுவரும் சூட்டில் உலோக ஒட்சைட்டுகளுடன் சேர்ந்து சிலிக்கேற்றுகளை ஆக்குகின்றன. நாகம், செம்பு, ஈயம் ஆகியன இவ்வாறு பிடிபடுவன. ஐதான அமிலம் இவற்றை விடுவிக்காது. ரி. ரி. கோர்சச்சு என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1959ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியில், கதிர்வீசும் உலோகங்களைச் சேதனப்பொருளோடு கலந்து எரித்து, அவற்றின் கதிர்வீச்சைப் பின்தொடர்ந்து இழப்பைக் கண்டார். கதிர்வீசும் அணு எங்கிருப்பினும் தன் இருப்பிடத்தைத் தானே அறிவிக்குமாதலின், காற்றுக்குச் சென்றது எவ்வளவு, பாத்திரத்தில் ஒட்டியது எவ்வளவு என்று பிரித்தறிய அம்முறை இடமளித்தது. அதற்கு முன்னர் இவ்விரண்டும் இழப்பு என்ற ஒரு பெயரால் வழங்கிவந்தன.

தேயிலையில் சிலிக்கா நெல்லிற்போல் மிகுதியாக இல்லை. நெல் உமியின் சாம்பலிற் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்காவே. எனினும் ஊவாவின் தேயிலைக்குப் புழுதி என்ற ஒரு தொல்லை உண்டு. யூலை, ஓகத்து மாதங்களில் கச்சான் காற்று மலைச்சரிவுகளில் உலர்ந்து வீசும். அக்காற்றாலேயே ஊவாத் தேயிலைக்குச் சிறந்த மணம் உண்டாகிறதென வாணிகர் போற்றுவர். ஆய்வாளருக்கோ அதே காற்று பாதையோரத்துச் செம்மண்ணை இலைமீது பூசிவிடுகிறது. சந்தைத் தேயிலையின் சாம்பலிலும் அமிலத்திற் கரையாத பகுதி தேயிலையின் நூற்றுக்கு ஒரு பங்கை விஞ்சலாகாதென உலகத்தரம் விதித்திருப்பது மண்ணும் மணலும் கலந்தமையைக் கண்டுபிடிப்பதற்கேயாம். இத்துடன் தேயிலைக்கே உரிய வேறொன்றும் சேர்கிறது. முதிர்ந்த தேயிலை இலையில் அலுமினியம் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேலும் இருக்கும். மிகச் சூடேறிய அலுமினா அமிலத்தில் எளிதிற் கரையாது. பொசுபேற்றையும் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும்.

கந்தகத்தைப்பற்றி ஒரு சொல் கூறாது ஈர முறைக்குச் செல்லல் ஆகாது. சாதாரணமாகச் சாம்பலாக்கும்போது கந்தகத்தின் பெரும்பங்கும், நைதரசன் முழுவதும் புகையோடு போய்விடும். கவ்வாத்தின்போது வெட்டிய மிலாறைக் குவித்து எரிக்குந் தோட்டத்தில் நடப்பதும் இதுவே. சாம்பலிற் பொற்றாசியம் மண்ணுக்கு மீளும், நைதரசனும் கந்தகமும் வானுக்குச் செல்லும். 1933ஆம் ஆண்டு நியாசாலாந்தில், இன்றைய மலாவியில், ஸ்ரோரி, லீச்சு என்ற இருவர் அந்நாட்டுத் தேயிலையின் மஞ்சள் நோய் கந்தகக் குறைவால் வருவதென நிறுவினர். அத்தகைய நோயைச் சாம்பலை மட்டும் ஆராய்பவர் கண்டறிய இயலாது. நல்ல இலையின் சாம்பலிலும் கந்தகம் குறைந்தே இருக்கும். அமோனியம் சல்பேற்றை விட்டு யூரியாவுக்கு மாறிய தோட்டங்களில் இக்கேள்வி இன்றும் எழத்தக்கது, ஏனெனில் யூரியாவிற் கந்தகம் இல்லை. இலைத்தூளை முதலில் மகனீசியம் நைத்திரேற்றுக் கரைசலில் நனைத்து உலர்த்தி எரித்தால், கந்தகம் சல்பேற்றாகவும் பொசுபரசு பொசுபேற்றாகவும் சாம்பலில் நிலைபெறும்.

ஈர முறையில் வெப்பநிலை தாழ்ந்ததாதலால் ஆவியிழப்புக் குறைவு. உலோகத்தைப் பிடிக்குஞ் சூடேறிய சிலிக்காவும் இல்லை. நைதரசனுக்காக 1883ஆம் ஆண்டு கோப்பன்கேகனில் யோகான் கியெல்டால் வகுத்த சல்பூரிக்கமில முறையும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. நாகத்துக்கு வழங்குவது நைத்திரிக்கமிலமும் பேர்க்குளோரிக்கமிலமும் சேர்ந்த முறையாகும். ஒரு கிராம் தூளைக் குடுவையில் இட்டு, செறிந்த நைத்திரிக்கமிலம் 10 மில்லிலீற்றர் சேர்த்து, ஓரிரவு குளிரிலேயே விட்டுவைப்பர். மறுநாள் மெல்லச் சூடாக்கினால் கபிலப்புகை எழும். அது அடங்கி, கலவை தெளிவடைந்து ஆறிய பின்னரே நூற்றுக்கு 70 பங்கு செறிவுள்ள பேர்க்குளோரிக்கமிலம் 2 மில்லிலீற்றர் சேர்க்கலாம். நைத்திரிக்கமிலம் 120 பாகையளவிற் கொதித்து வெளியேறும். பின்னர் வெப்பநிலை 200 பாகையை எட்டும்போது பேர்க்குளோரிக்கமிலத்தின் வெண்புகை தோன்றும், கரைசல் நிறமற்றதாகும். உலர்ந்துபோக விடாது அப்போதே நிறுத்தல் வேண்டும்.

நைத்திரிக்கமிலம் முதலில் எளிதிலெரியும் பகுதிகளை அழித்து வைப்பதாற்றான் பேர்க்குளோரிக்கமிலம் அடக்கத்துடன் வேலை செய்கிறது. மாறாக, அதனை நேரே உலர்ந்த இலைத்தூளில் ஊற்றிச் சூடாக்குதல் வெடிக்கு அழைப்பாகும். வெண்புகை எழும் நேரத்திற் கரைசல் கபிலமாகவோ கருமையாகவோ மாறத் தொடங்கினால், அது எரியாத பொருள் எஞ்சியுள்ளதென்ற எச்சரிக்கை; உடனே வெப்பத்தை நீக்கி நைத்திரிக்கமிலம் சேர்த்தல் வேண்டும். 1947ஆம் ஆண்டு பெப்புருவரியில் லொஸ் ஏஞ்செல்ஸ் நகரில் பேர்க்குளோரிக்கமிலமும் அசற்றிக்கு நீரிலியும் சேர்ந்த கலவை வெடித்துப் பதினேழு பேர் மாண்டனர். மரத்தாலான புகையறையில் இவ்வமிலத்தை நாளும் ஆவியாக்குவதும் தீங்கே. மரம் அதனை உறிஞ்சி, நாளடைவில் தானே தீப்பற்றுந் தன்மையை அடையும். நீரால் கழுவத்தக்க தனிப் புகையறை இல்லாத இடத்தில், பாடசாலை ஆய்வுகூடம் உட்பட, இம்முறையைக் கையாளலாகாது. அங்கே உலர் முறையின் இழப்பைப் பொறுத்துக்கொள்ளுதலே அறிவுடைமை.

ஈர முறையில் இழப்பே இல்லையென்று கருதுவாரும் உளர். அது பிழை. தேயிலை இலையிற் பொற்றாசியம் நூற்றுக்கு ஏறத்தாழ 2 பங்கு எனக் கொண்டால், ஒரு கிராமில் 20 மில்லிகிராம் இருக்கும். அது பேர்க்குளோரேற்றாக மாறும்போது ஏறத்தாழ 71 மில்லிகிராம் உப்பாகும். பொற்றாசியம் பேர்க்குளோரேற்று குளிர்நீரில் அரிதாகவே கரையும். அமிலம் மிஞ்சியுள்ள சில துளிக் கரைசலில் இன்னும் அரிது. குடுவை ஆறியதும் அடியில் வெண்பளிங்குகள் படிவதைக் காணலாம். சிலர் அதனைச் சிலிக்கா எனக் கருதி வடித்து எறிந்துவிடுவர். பொற்றாசியமும் உடன் செல்லும். இரண்டையும் பிரித்தறிதல் எளிது. 20 மில்லிலீற்றர் நீரைச் சேர்த்துக் கொதிக்கவைத்தால் பேர்க்குளோரேற்று முற்றாகக் கரையும், சிலிக்கா கரையாது. பின்னர் 50 மில்லிலீற்றருக்கு ஐதாக்கினால் குளிர்ந்தாலும் அது மீண்டும் பளிங்காகாது. சல்பூரிக்கமிலத்தையும் சேர்க்கும் முறையில் இவ்விடத்தைக் கல்சியம் பெறுகிறது. கல்சியம் சல்பேற்று வெண்படிவாகி, போதிய நீரும் நேரமும் கொடுத்தாலன்றிக் கரையாது. போரனோ இரண்டு அமில முறைகளிலும் நீராவியோடு தப்பியோடும் தன்மையது. அதற்கு மாத்திரம் இலைத்தூளோடு சுண்ணாம்பு சேர்த்து உலர் முறையில் எரித்தலே ஏற்றது. ஒரு தனிமத்துக்குத் தீங்கான வழி மற்றொன்றுக்குக் காவலாதலைக் காண்க.

இவற்றினும் பெரிய தொல்லை, ஈர முறையில் இழப்பன்று, வரவு. அமிலங்களில் இயல்பாகவே நாகம் சிறிதளவு உண்டு. இலையில் உள்ளதும் அற்ப அளவே. ஒரு கிராம் இலையில் 24 மைக்கிரோகிராம், அஃதாவது ஒரு கிராமின் பத்திலட்சத்தில் 24 பங்கு. எனவே அமிலத்தினின்று வரும் இரண்டு மூன்று மைக்கிரோகிராமும் பெரிதாகிவிடும். இலையின்றி அமிலத்தை மட்டும் அதே குடுவையில் அதே நேரம் சூடாக்கி அளக்கும் வெற்றுப் பரிசோதனை இதற்காகவே ஏற்பட்டது. ஆனால் வெற்றுப் பரிசோதனையாலும் பிடிபடாத வரவுகள் தோட்டத்திலேயே நிகழ்கின்றன. நாகம் பூசிய தகரக்கூரையினின்று சொட்டும் நீர், அத்தகைய வாளியிற் கழுவிய இலை, மாதிரிப் புட்டியின் இரப்பர் மூடி, சென்ற மாதம் தெளித்த நாகசல்பேற்றின் எச்சம் ஆகியன இலையில் இல்லாத நாகத்தை இலையில் உள்ளதாகக் காட்டும். தெளித்து மழைபெய்யாத மலையினின்று எடுத்த இலை, குறைவுள்ள செடியையும் நிறைவுள்ளதாகக் காட்டுமன்றோ?

இனி ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்டவை. கச்சான் வீசும் யூலை மாதத்தில் பாதையோர மலையொன்றிலிருந்து ஒரே வயதுள்ள இலைகள் பறிக்கப்பட்டன எனக் கொள்வோம். வயது ஒன்றாயிருத்தல் இன்றியமையாதது. இலை முதிரும்போது பொற்றாசியமும் பொசுபரசும் குறைந்து, கல்சியமும் மங்கனீசும் அலுமினியமும் ஏறுவதால், கொழுந்தை முதிரிலையோடு ஒப்பிடல் பயனற்றது. இலைகளைக் கழுவாமலே உலர்த்தித் தூளாக்கி, ஒவ்வொரு கிராமாகப் பிரித்து, சில பங்குகள் 500 பாகையில் சாம்பலாக்கப்பட்டன; சில பங்குகள் அமிலத்திற் கரைக்கப்பட்டன. சாம்பலினின்று பெற்ற கரைசலில் 18.5 மைக்கிரோகிராம் நாகம் காணப்பட்டது. வெற்றுப் பரிசோதனையில் 0.5. எனவே தேறியது 18. ஈர முறையில் 26.4 காணப்பட்டது, வெற்றுப் பரிசோதனையில் 2.4. தேறியது 24. வெற்றுப் பரிசோதனையை மறந்தவர் ஈர முறையின் விடையை 26.4 என்றே எழுதி, இரு முறைகளின் வேறுபாட்டை உண்மையினும் பெரிதாகக் கண்டிருப்பார்.

எஞ்சிய 6 மைக்கிரோகிராம் எங்கே? முதலில் வடித்தாளில் தங்கிய கரையாப் பகுதியைத் தேடவேண்டும். அதனைத் தாளோடு பிளாற்றினக் குகையில் மெல்ல எரித்து, ஐதரோபுளோரிக்கமிலம் சேர்த்துச் சூடாக்கினால், சிலிக்கா புளோரைட்டாகி ஆவியாகும். அதற்குள் அடைபட்டிருந்த உலோகம் விடுதலையாகும். அவ்வாறு செய்ததில் 4 மைக்கிரோகிராம் வெளிப்பட்டது என்க. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இந்த அமிலம் புழுதியின் மண்ணையும் கரைத்து, மண்ணின் சொந்த நாகத்தையும் வெளிக்கொணரும். ஒரு கிராம் இலையில் 10 மில்லிகிராம் மண் இருந்து, அம்மண்ணில் நாகம் பத்திலட்சத்தில் 50 பங்கு இருந்தால், அதனால் வருவது அரை மைக்கிரோகிராமே. ஆகவே 4இல் 3.5 இலையினுடையதென ஏற்கலாம்.

இன்னும் இரண்டரை மைக்கிரோகிராம் கணக்கில் வரவில்லை. அது புடக்குகைச் சுவரில் ஒட்டியதா, ஆவியாகிச் சென்றதா? வெறுமையான புடக்குகையைச் செறிந்த அமிலத்துடன் சூடாக்கி, அக்கழுவுநீரை அளந்து பார்த்தால் ஒட்டியதில் ஒரு பங்காவது புலப்படும். வேறோர் உபாயம் வெப்பநிலையை மாற்றிப் பார்த்தலாகும். அதே தூளை 450 பாகையில் ஒருமுறையும் 600 பாகையில் ஒருமுறையும் எரித்து, ஒவ்வொரு முறையும் கரைசலில் உள்ளதையும் சிலிக்காவில் உள்ளதையும் கூட்ட வேண்டும். அக்கூட்டுத்தொகை 450 பாகையில் 24ஐ நெருங்கி, 600 பாகையில் வெகுவாகக் குறையுமாயின், குற்றவாளி பெரிதும் ஆவியாதலே. இரண்டு வெப்பநிலையிலும் தொகை மாறாது, புதிய புடக்குகையிற் குறைவாகவும் பழகித் தேய்ந்த புடக்குகையில் மிகுதியாகவும் இழப்புக் காணப்பட்டால், குற்றம் சுவரினுடையது. பழைய பாத்திரத்தின் அரிப்புண்ட மேற்பரப்பு உலோகத்தை எளிதிற் பிடித்துக்கொள்ளும்.

பல ஆய்வாளர் இத்தனை தொல்லையும் வேண்டாமென்று, தெரிந்த அளவு நாகத்தைத் தூளோடு சேர்த்து எரித்து, சேர்த்ததில் எவ்வளவு திரும்பி வந்தது என்று பார்த்து நிறைவடைவர். 20 மைக்கிரோகிராம் சேர்த்து, கரைசலில் 19 மிகுதியாகக் கண்டால், முறை நன்றென முடிவு செய்வர். இச்சோதனை வேண்டியதே. ஆனால் அது முழுச் சான்றன்று. தூளின் மேலே துளித்துளியாக விட்ட சல்பேற்றுக் கரைசலின் நாகம், இலையின் கலங்களுக்குள்ளே சிலிக்காவின் அயலிற் பிணைந்துள்ள நாகத்தைப்போல நடந்துகொள்ள வேண்டும் என்ற நியதியில்லை. சேர்த்தது நன்கு திரும்பிவர, உள்ளிருந்தது திரும்பாமற்போதலும் நிகழக்கூடும். மேலே கண்டதுபோல் இயல்பில் வேறுபட்ட இரண்டு முறைகளும் ஒரே விடையைத் தருதலே அதனினும் வலிய சான்றாகும். நாகத்தின் அளவு உறுதியாக நிறுவப்பட்ட மாதிரி இலைத்தூள் கிடைக்குமாயின், அதனையும் உடன்வைத்து எரித்தல் மிகநன்று.

இலையை முன்னரே கழுவியிருந்தால் இக்கணக்கில் பாதித் தொல்லை தீர்ந்திருக்கும். பறித்த அன்றே, இலை வாடுமுன், தூய நீரில் சில விநாடி அலசி எடுத்தல் போதும். நெடுநேரம் ஊறவிட்டால் பொற்றாசியம் நீரில் இறங்கிவிடும். கழுவிய இலையை 70 பாகையளவிற் காற்றோட்டமுள்ள அடுப்பில் உலர்த்தி, பித்தளையோ நாகப்பூச்சோ இல்லாத அரைப்பானிற் பொடிசெய்து வைத்தால், இரண்டு முறைகளின் விடைகளும் பெரிதும் நெருங்கிவரும். தேயிலையின் பொற்றாசியம், கல்சியம், மகனீசியம், மங்கனீசு ஆகியவற்றுக்கு 500 பாகையை மீறாத உலர் முறையே போதுமானது. ஒரே நாளிற் பல மாதிரிகளை எரிக்கலாம். அமிலச் செலவும் குறைவு. நாகம், செம்பு, கந்தகம் ஆகியவற்றுக்கு ஈர முறை வேண்டும்.

அண்மைக் காலத்தில் மூடிய தெப்லோன் பாத்திரங்களில் நைத்திரிக்கமிலத்தை நுண்ணலையாற் சூடாக்கும் முறை பரவியுள்ளது. பாத்திரம் மூடியிருப்பதால் ஆவி வெளியேறாது. அமுக்கம் ஏறுவதால் நைத்திரிக்கமிலம் தன் இயல்பான கொதிநிலைக்கு மேலும் சூடேறி, பேர்க்குளோரிக்கமிலத்தின் உதவியின்றியே இலையை அழிக்கும். அமிலமும் குறைவாகவே செலவாவதால் வெற்றுப் பரிசோதனையின் எண்ணும் சிறிதாகும். ஆனால் புழுதியின் சிலிக்கா அங்கும் கரையாது அடியிலே கிடக்கும். பாத்திரத்தைத் திறந்தவுடன், ஆறாத நிலையில், கபிலவாயு பீறிட்டெழுந்து துளிகளையும் உடன் கொண்டுசெல்லும்.

1925ஆம் ஆண்டு தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையிலும், பின்னர் பசறைக் கிளையிலும் நடத்திவரும் ஆய்வுகளின் பயனாக, இலையின் அளவுகளைக் கொண்டு உரமிடும் வழக்கம் தோட்டங்களிற் பரவியுள்ளது. பதுளைப் பகுதித் தோட்ட அலுவலகங்களில் பல ஆண்டுகளின் ஆய்வறிக்கைகளைக் கோவையாக்கி வைத்திருப்போர், ஒரே மலையின் நாக அளவு ஓராண்டு 24 ஆகவும் மறு ஆண்டு 18 ஆகவும் இருக்கக் கண்டால், மண்ணை நோவதற்கு முன் அறிக்கையின் அடியில் எம்முறையாற் கரைக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறதா எனப் பார்த்தல் வேண்டும். எழுதியிராவிடின் ஆய்வுகூடத்துக்கு எழுதிக் கேட்கலாம். வெற்றுப் பரிசோதனையின் அளவையும் இலை கழுவப்பட்டதா என்பதையும் உடன் கேட்டுக்கொள்வது நன்று.